பாடகர் நிறுத்திய பிறகு பியானோ பேசுவது

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் கலைப்பாடலைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், பெரும்பாலோர் ஷூபர்ட்டின் ராட்டையில்தான் ஆரம்பிக்கிறார்கள். 1814 அக்டோபரில், 17 வயதில், கோதேயின் ‘ஃபாவுஸ்ட்’ நாடகத்திலிருந்து கிரெட்சன் நூல் நூற்றபடி சொல்லும் வரிகளை எடுத்து அவர் இசையமைத்தார். பியானோவில் வலது கை சக்கரமாகச் சுழல்கிறது, இடது கை மிதியாகத் தட்டுகிறது. கட்டுரையில் இதைச் சொல்லிவிட்டு, அடுத்து இன்னொரு பாட்டில் குதிரைக் குளம்பொலி, இன்னொன்றில் ஓடைச் சலசலப்பு என்று பட்டியல் போட்டு முடித்துவிடுவார்கள். கவிதையில் என்ன பொருள் வருகிறதோ அதைப் பியானோ வரைந்து காட்டுகிறது, அவ்வளவுதான் என்கிற முடிவு.

எனக்கு இந்த வகைக் கட்டுரை அலுத்துவிட்டது. தவறென்று சொல்லவில்லை. ஆனால் ராட்டைப் பாட்டிலேயே பார்க்க வேண்டிய இடம் வேறு. காதலனின் நடை, சிரிப்பு, பேச்சு என்று அடுக்கிக்கொண்டே போகும் கிரெட்சன் ‘அவன் முத்தம்!’ என்ற இடத்துக்கு வரும்போது சக்கரம் நின்றுவிடுகிறது. பிறகு பியானோ தயங்கித் தயங்கி, ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தி, மறுபடி முயன்று, அப்புறம்தான் பழைய ஓட்டத்துக்குத் திரும்புகிறது. அவள் கை வேலையை மறந்ததாகக் கோதே எங்கும் எழுதவில்லை. அது கவிதையில் இல்லாத தகவல், பியானோ மட்டும் சொல்வது. கவிதைக்கும் பியானோவுக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதுவதென்றால் இங்கிருந்து தொடங்கலாம். கவிதைக்குத் தெரியாத எதைப் பியானோ சொல்கிறது?

இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல பதில் ராபர்ட் ஷூமானின் ‘டிஷ்டர்லீபே’. கவிஞனின் காதல் என்று பொருள்படும் 16 பாட்டுகளின் தொகுப்பு. வரிகள் எல்லாம் ஹைன்ரிஷ் ஹைனேயுடையவை. 1823-இல் வெளிவந்து, பிறகு 1827-இல் ‘பாடல்களின் புத்தகம்’ என்ற தொகுப்பில் சேர்ந்த ஒரு நீண்ட கவிதை வரிசையிலிருந்து எடுத்தவை. அந்த வரிசையில் 65 கவிதைகள் உண்டு. ஷூமான் முதலாவதில் தொடங்கிக் கடைசிக் கவிதையில் முடிக்கிறார். நடுவில் தனக்கு வேண்டியதை மட்டும், பெரும்பாலும் ஹைனே வைத்த வரிசையிலேயே, சில இடங்களில் மட்டும் முன்பின்னாக மாற்றிப் பொறுக்கிக்கொள்கிறார். 1840 மே கடைசியில் தொடங்கி ஒரு வாரம் சொச்சத்தில் எழுதி முடித்துவிட்டார். அப்போது 20 பாட்டுகள் இருந்தன. 1844-இல் லைப்ஸிக்கில் அச்சாகும்போது நான்கை எடுத்துவிட்டார்.

ஷூமானின் முந்தைய பத்தாண்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அதுவரை அவர் அச்சிட்டதெல்லாம் பியானோ இசைதான். வாய்ப்பாட்டைக் கருவியிசைக்குக் கீழாகவே நினைத்து வந்ததாக 1839-இல் ஒரு நண்பருக்கு எழுதியும் இருக்கிறார். மறுவருடமே நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள். அப்படி வந்தவர் பியானோவைக் குரலுக்குப் பின்னால் உட்கார வைப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா? நம் கச்சேரியில் வயலின்காரர் பாடகரின் நிழலாகத் தொடர்ந்து, இடம் கிடைத்தபோது பதில் சொல்வார். இங்கே பியானோ வாசிப்பவர் கதையில் ஒரு பாத்திரம். பல சமயம் பாடும் பாத்திரத்தைவிட விவரம் தெரிந்த பாத்திரம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளாரா வீக்கைத் திருமணம் செய்ய அவள் அப்பாவோடு ஷூமான் நீதிமன்றத்தில் போராடிக்கொண்டிருந்த சமயம் அது. செப்டம்பர் 12-இல் திருமணம் நடந்தது. கட்டுரைகளில் இந்தக் காதல் கதை பாதிப் பக்கத்தைச் சாப்பிட்டுவிடும். ஆனால் காதல் கைகூடப் போகிற ஒருவன் காதல் தோற்றவனின் பாட்டுகளை ஏன் எழுதினான் என்பதற்கு அந்தக் கதையில் பதிலில்லை. பாட்டுகளின் இசைக்குறிப்பு நோட்டைத் திறப்பதே மேல். காப்புரிமை முடிந்தது, IMSLP தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

முதல் பாட்டு எட்டே வரிகள். அழகான மே மாதத்தில், மொட்டுகள் எல்லாம் வெடித்தபோது, என் நெஞ்சில் காதல் மலர்ந்தது. அழகான மே மாதத்தில், பறவைகள் எல்லாம் பாடியபோது, என் ஏக்கத்தையும் ஆசையையும் அவளிடம் சொன்னேன். இவ்வளவுதான். எளிமையிலும் எளிமை, கொஞ்சம் சம்பிரதாயமாகக்கூடத் தோன்றும். ஆனால் எல்லாம் இறந்த காலத்தில் இருக்கிறது. அவள் என்ன பதில் சொன்னாள் என்று கவிதை சொல்வதில்லை. ‘ஆசை’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது.

இப்போது பியானோ. குரல் வருவதற்கு முன் நான்கு பார், நம் தாள ஆவர்த்தனம் மாதிரியான சின்னப் பகுதிகள், தனியாக வருகிறது. முதலில் ஒரு சி ஷார்ப் தனியாக ஒலிக்கிறது. அது நீண்டுகொண்டிருக்கும்போதே கீழே டி வந்து அதோடு உரசுகிறது. பியானோவில் அடுத்தடுத்த கட்டைகளின் சுரங்கள் இவை, வேறு வேறு ஸ்தாயியில் வைத்தாலும் உரசல் தெரியும். அந்த உரசல் இறங்கி எஃப் ஷார்ப் மைனர் சுருதியின் வாசல்படிக்கு வருகிறது, அதாவது அதன் டாமினன்ட் செவன்த் கார்டுக்கு. கார்ட் என்பது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள். மேற்கத்திய இசையில் அந்தக் கார்ட் வந்தால் அடுத்து வீட்டுக்குள் நுழைய வேண்டும், காது அதை எதிர்பார்க்கும். பியானோ நுழையவில்லை. திரும்பப் போய் அதே உரசலைத் தொடங்குகிறது.

அப்போது குரல் வருகிறது. மே மாதம், மொட்டுகள் என்று பாடியபடி ஏ மேஜருக்குள் சர்வசாதாரணமாகப் போய் உட்கார்ந்துவிடுகிறது. பியானோ காட்டிய கதவைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பிறகு நெஞ்சில் காதல் மலர்ந்த இடத்தில் மெட்டு மேலே ஏறுகிறது. அது முடிந்ததும் பியானோவின் அந்த முன்னிசை மறுபடி வருகிறது, அதே தயக்கத்தோடு. இரண்டாவது கண்ணிக்குப் பிறகு மூன்றாம் முறையாக வந்து, அந்த வாசல்படியான சி ஷார்ப் செவன்த் கார்டிலேயே நின்று பாட்டு முடிகிறது. பாட்டு முழுவதும் எஃப் ஷார்ப் மைனர் என்ற அந்த வீட்டின் கார்ட் ஒருமுறைகூட ஒலிப்பதில்லை.

ஆக, குரல் வசந்தத்தைப் பாடுகிறது, அந்த வசந்தம் என்னவாயிற்று என்பது பியானோவுக்குத் தெரிந்திருக்கிறது. ஹைனே இறந்த காலத்தில் ஒளித்து வைத்ததைப் பியானோ கேட்க வைக்கிறது என்று நான் வாசிக்கிறேன். வேறு மாதிரியும் வாசிக்கலாம். காதலைச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவனின் படபடப்பு என்பார்கள் சிலர். இரண்டுக்கும் இடமிருக்கிறது. ஆனால் ‘பியானோ மே மாதத்தின் அழகை வருணிக்கிறது’ என்று எழுதினால் அது காதில் விழாததை எழுதுவது.

இரண்டாம் பாட்டு தொடங்கும்போது ஏ, சி ஷார்ப் ஆகிய சுரங்கள் ஒலிக்கின்றன. இவை இரண்டும் எஃப் ஷார்ப் மைனருக்கும் சொந்தம், ஏ மேஜருக்கும் சொந்தம். முதல் பாட்டின் தொங்கலுக்குப் பதில் வந்துவிட்டதோ என்று ஒரு நொடி தோன்றும். அடுத்து வருவது ஏ மேஜர்தான் என்று உடனே தெரிந்துவிடும். ‘என் கண்ணீரிலிருந்து பூக்கள் முளைக்கின்றன’ என்ற இந்தப் பாட்டில் குரல் ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்காமல் விடுகிறது. கடைசிச் சுரத்தில் தொக்கி நிற்கும்போது பியானோ மிக மெதுவாக அந்த வாக்கியத்தை முடித்து வைக்கிறது. கவிதையின் வாக்கியமோ இலக்கணப்படி முழுசாக இருக்கிறது. பாடுபவனுக்குத் தன் வார்த்தையில் நம்பிக்கை போதவில்லை என்பதைச் சொல்வது இந்த ஏற்பாடுதான்.

இங்கே கச்சேரி மேடையில் அடிக்கடி நடக்கிற ஒரு கோளாறு உண்டு. முதல் பாட்டு முடிந்ததும் பாடகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவார். அதற்குள் அந்தத் தொங்கும் கார்ட் காதிலிருந்து கரைந்து போயிருக்கும். இரண்டாம் பாட்டின் முதல் ஒலி வெறும் தொடக்கமாகிவிடும். வீட்டில் கேட்கும்போதும் இதைச் சோதிக்கலாம். இரண்டாம் பாட்டை மட்டும் தனியாகப் போட்டுக் கேளுங்கள், பிறகு முதல் பாட்டிலிருந்து நிறுத்தாமல் கேளுங்கள். அதே ஒலிக்கு வேறு அர்த்தம் வரும்.

நடுப் பாட்டுகளை வேகமாகத் தாண்டுகிறேன். ஏழாவதான ‘நான் முறைத்துக்கொள்ளவில்லை’ என்ற பாட்டுதான் எல்லோருக்கும் தெரிந்தது. கோபமில்லை, கோபமில்லை என்று வாய் சொல்ல, பியானோ விடாமல் கனமான கார்டுகளை அடித்துக்கொண்டிருக்கும். இதற்கு விளக்கம் தேவையில்லை. ஒன்பதாவதில் அவளுடைய கல்யாண நடனம் நடக்கிறது. குழலும் ஃபிடிலும் ஊளையிடும் அந்தச் சுழல் முழுக்கப் பியானோவிடம் இருக்கிறது. பாடுபவன் மண்டபத்துக்கு வெளியே நின்று பேசுகிறவன் போல அதன் மேல் சில வரிகளைப் போடுகிறான், அவன் வாயை மூடிய பிறகும் நடனம் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது.

பதின்மூன்றாவதில் நிற்க வேண்டும். ‘கனவில் அழுதேன்’ என்று தொடங்கும் மூன்று கண்ணிகள். முதல் கனவில் அவள் கல்லறையில் கிடக்கிறாள். விழித்தான், கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. இரண்டாம் கனவில் அவள் அவனைக் கைவிடுகிறாள். விழித்தான், நெடுநேரம் அழுதான். மூன்றாம் கனவில் அவள் இன்னும் அவனிடம் அன்பாக இருக்கிறாள். விழித்தான், கண்ணீர் வெள்ளமாக ஓடுகிறது. ஹைனேயின் வழக்கமான கத்தி மூன்றாம் கண்ணியில் இருக்கிறது. மூன்று கனவுகளில் நல்ல கனவுதான் அதிகம் அழ வைக்கிறது.

ஷூமான் முதல் இரண்டு கண்ணிகளில் குரலைத் தன்னந்தனியாக விட்டுவிடுகிறார். கீழே எந்தத் துணையும் இல்லை. மெட்டு என்று சொல்லவும் அதிகமில்லை, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டு அரைப்படி மேலே போய் இறங்குகிற முனகல்தான். குரல் நின்ற பிறகு பியானோவில் தாழ்ந்த ஸ்தாயியில் சில குட்டையான கார்டுகள், மிக மெல்ல. பிறகு மௌனம். பிறகு குரல். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதேயில்லை, பேசிக்கொள்ளாத இருவர் மாறி மாறி வாய் திறப்பது மாதிரி.

மூன்றாம் கண்ணியில்தான் இருவரும் சேர்கிறார்கள். அவள் அன்பாக இருப்பதாகக் கனவு வந்ததும் பியானோ குரலுக்கு அடியில் வந்து, கார்டுகளை நீட்டி, படிப்படியாக மேலே தள்ளிக்கொண்டு போகிறது. சாவும் பிரிவும் கனவில் வந்தபோது அவன் தனியாக இருந்தான், சுகமான பொய் வந்தபோது துணை கிடைக்கிறது. துணை கிடைத்த அந்த இடத்தில்தான் அழுகை உச்சத்துக்குப் போகிறது. பிறகு சட்டென்று எல்லாம் நின்றுபோய், மறுபடி அந்தக் குட்டைக் கார்டுகள், நீண்ட மௌனம், கடைசியாக இரண்டு கார்டுகள். ஹைனேயின் முரணை ஷூமான் கவனிக்கவில்லை என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பாட்டைத்தான். அவர் அதை வார்த்தையின் தொனியில் வைக்காமல், யார் யாரோடு சேர்ந்து ஒலிக்கிறார் என்பதில் வைத்திருக்கிறார்.

வாசிப்பவர் இந்த இடத்தில் பெடலை மிதித்துவிட்டால் தொலைந்தது. குட்டைக் கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, சர்ச்சில் வாசிக்கும் சங்கீதம் மாதிரி ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடும். மௌனங்களை எண்ணாமல் அவசரப்பட்டாலும் அதே கதிதான்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். பன்னிரண்டாம் பாட்டில் ஒளிவீசும் கோடைக் காலையில் அவன் தோட்டத்தில் நடக்கிறான். பூக்கள் கிசுகிசுக்கின்றன, பேசுகின்றன, அவன் மட்டும் ஊமையாக நடக்கிறான். பூக்கள் இரக்கத்தோடு அவனைப் பார்த்துச் சொல்கின்றன: எங்கள் சகோதரியிடம் கோபம் கொள்ளாதே, சோகம் பிடித்த வெளிறிய மனிதனே. கவிதை பூக்களின் பேச்சோடு முடிகிறது. அவன் பதில் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது, ஊமை என்று கவிதையே சொல்லிவிட்டது.

பியானோவில் மேலிருந்து கீழே உதிரும் சுரங்கள். பூக்கள் பேசுகிற வரியில் சுருதி மெல்ல வேறு பக்கம் நழுவுகிறது, குரலும் சன்னமாகிறது. அப்புறம் குரல் நின்றுவிடுகிறது. அதன் பிறகு பியானோ ஒரு மெட்டைத் தொடங்குகிறது. இதுவரை குரல் பாடாத மெட்டு. உதிரும் சுரங்களுக்கு நடுவே அது பாட்டுக்குப் பாடிக்கொண்டு போய் முடிகிறது. இது யாருடைய பேச்சு? அவன் ஊமை. மிச்சம் இருப்பவை பூக்கள். வார்த்தையில் சொன்னது போதாமல் அவை இன்னும் ஏதோ சொல்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். இல்லை, வாயால் சொல்ல முடியாததை அவன் மனசு சொல்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம். முதலில் கேட்கும்போது அழகான ஒரு பின்னிசை என்று கடந்துவிடுவோம்.

பதினாறாவது, கடைசிப் பாட்டு. ‘பழைய கெட்ட பாட்டுகளையும் கெட்ட கனவுகளையும் புதைக்கலாம் வாருங்கள், ஒரு பெரிய சவப்பெட்டி கொண்டுவாருங்கள்.’ எவ்வளவு பெரியது? ஹைடெல்பெர்க் கோட்டையின் பீப்பாயைவிடப் பெரியது. அது 2 லட்சம் லிட்டருக்கு மேல் ஒயின் பிடிக்கும் பீப்பாய். பாடை மைன்ட்ஸ் நகரத்துப் பாலத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். தூக்கிப் போக 12 அரக்கர்கள் வேண்டும், ரைன் கரையிலுள்ள கொலோன் தேவாலயத்தின் புனித கிறிஸ்டோபரைவிட பலசாலிகளாக. கடலில் போடுங்கள், இவ்வளவு பெரிய பெட்டிக்குப் பெரிய கல்லறைதான் பொருத்தம். ஊர்ப் பெருமைகளை எல்லாம் வரிசையாக இழுத்து வைத்து ஹைனே தன்னையே கேலி செய்துகொள்கிறார். ஷூமான் இதற்கு ஒரு முரட்டு ஊர்வலத்தையே போட்டுத் தருகிறார், சி ஷார்ப் மைனரில், தடதடவென்று. கேலியை நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறார்.

கடைசிக் கண்ணியில் வேகம் குறைகிறது. பெட்டி ஏன் இத்தனை பெரிதாக, இத்தனை கனமாக இருக்கிறது தெரியுமா? என் காதலையும் என் வலியையும் அதற்குள் போட்டுவிட்டேன். ஹைனேயின் 65 கவிதைகளும் இந்த இடத்தில் முடிகின்றன. நாடகத்தனமாக ஊதிப் பெருக்கிவிட்டு ஒரே வரியில் உண்மையைச் சொல்லி அடைத்துவிடுகிறார். மூடி போட்டாயிற்று, மேலே பேச ஒன்றுமில்லை.

ஷூமான் மேலே பேசுகிறார். சி ஷார்ப் மைனர் டி ஃப்ளாட் மேஜராக மாறுகிறது, பியானோவில் சி ஷார்ப்பும் டி ஃப்ளாட்டும் ஒரே கறுப்புக் கட்டைதான். அந்தச் சுருதியில், பன்னிரண்டாம் பாட்டின் முடிவில் வந்த அதே மெட்டு திரும்புகிறது. பூக்கள் பேசிய பிறகு வந்த மெட்டு. பிறகு அதையும் தாண்டிப் போய், குரலில்லாமல் ஒருவர் பேசுவது போன்ற சில வாக்கியங்கள் வருகின்றன. இந்த நேரம் முழுக்கப் பாடகர் சும்மா நின்றுகொண்டிருக்கிறார்.

இது நடப்பதற்குப் பியானோவுக்கு ஞாபகம் வேண்டும். இசையமைப்பின் பார்வையில் பெரிய விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். 16 பாட்டுகளில் குரல் ஒரு பாட்டின் மெட்டை இன்னொன்றுக்கு இப்படிக் கொண்டுபோவதில்லை. பியானோ மூன்று பாட்டுகளைத் தாண்டி ஒன்றை எடுத்துவந்து வைக்கிறது, அதையும் வார்த்தை இல்லாமல். கேட்பவர் தானே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்: இந்த மெட்டுக்கு முன் என்ன சொல்லப்பட்டது? ‘எங்கள் சகோதரியிடம் கோபம் கொள்ளாதே.’ பெட்டிக்குள் போட்டு மூடியவன் கோபத்தோடு மூடினான். பியானோ மன்னிப்பைக் கேட்கிறது, அல்லது தருகிறது. எது என்று முடிவு கட்ட நோட்டில் ஆதாரம் கிடையாது.

கட்டுரை எழுதுபவர்கள் இந்த இடத்தில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஷூமான் ஹைனேயை முழுமையாக்கினார் என்று எழுதுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹைனேயின் கடைசி வரி அடைப்புக்காகவே எழுதப்பட்டது. அதற்குப் பிறகு எதை வைத்தாலும் அதன் வெட்டு மழுங்கும். ஷூமானின் முடிவு அற்புதமாக இருக்கிறது, ஆனால் அது வேறு முடிவு. கேலிக்காரனின் புத்தகத்தை எடுத்து இரக்கமுள்ளவன் முடித்து வைத்தது. கவிதை மாணவர் இதை இழப்பு என்று எழுதலாம், இசை மாணவர் ஆதாயம் என்று எழுதலாம், இரண்டையும் அதே சில பார்களைக் காட்டியே எழுத முடியும். ஒரே கட்டுரைக்குள் இரண்டும் வந்தால் இன்னும் நல்லது.

கேட்டுப் பார்க்க ஒலிப்பதிவுகளுக்குப் பஞ்சமில்லை. 1935-இல் சார்ல் பான்ஸெரா பாடி ஆல்ஃபிரட் கோர்த்தோ வாசித்தது பழைய ஒலியாக இருந்தாலும் பியானோவைக் கவனிக்க நல்லது. ஃப்ரிட்ஸ் வுண்டர்லிஷ், ஹூபர்ட் கீஸனோடு 1965-இல் பதிவு செய்தது பலருக்குப் பிடித்தது. ஆண்குரல் பாட்டு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், ஷூமான் இதை அர்ப்பணித்ததோ வில்ஹெல்மினே ஷ்ரோடர்-டெவ்ரியென்ட் என்ற பெண் பாடகருக்கு. லோட்டே லேமான் 1941-இல் புரூனோ வால்ட்டர் வாசிக்கப் பாடியதும் கிடைக்கிறது. எதைப் போட்டாலும் கடைசிப் பாட்டை மட்டும் கேட்காதீர்கள், பன்னிரண்டிலிருந்தாவது தொடங்குங்கள். இல்லாவிட்டால் பியானோ கொண்டுவந்து வைப்பது என்னவென்றே தெரியாது.

ஹைனேயின் வரிகளுக்கு இசையமைத்த இன்னொரு தொகுப்பை ஷூமான் அதே 1840 மே மாதத்தில் பாரிஸிலிருந்த அவருக்கே அனுப்பி வைத்தார், கூடவே மரியாதையான ஒரு கடிதம். ஹைனே பதில் போடவில்லை.